தாத்தாவின் கையா, மரத்தடிப் பாட்டிலா?

அம்மா, வணக்கம். கோத்தகிரியில் பிளஸ் டூ படிக்கிறேன். இங்கிலாந்தில் புவியியல் இளங்கலைக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் மூலம் விண்ணப்பிக்கிறேன். பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை, ஐந்து வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட்டில் மேகம் இறங்குவதைப் பார்த்ததில் தொடங்கியிருக்கிறேன். ‘இதை எல்லோரும்தான் எழுதுகிறார்கள்’ என்கிறார் எங்கள் ஆங்கில டீச்சர். வேறு மூன்று சம்பவங்கள் இருக்கின்றன. 2019 ஆகஸ்ட் மழையில் எமரால்டில் அத்தை வீட்டு ரோடு சரிந்தது. மாவட்ட அறிவியல் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கினேன். பள்ளி பிராஜெக்டுக்காக வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாட்டில் வைத்து மழை அளந்தேன். இது ரொம்பச் சின்ன விஷயம். எதில் தொடங்குவது? கட்டுரையையும் பிராஜெக்ட் நோட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு மாணவி, கோத்தகிரி

அன்புள்ள மாணவிக்கு,

பாட்டிலில் தொடங்குங்கள். உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நோட்டின் நகலை நான்கு முறை படித்தேன். நீங்கள் எதில் தொடங்க வேண்டும் என்பதற்கு அந்த வித்தியாசமே போதுமான பதில் என்றாலும், ஏன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் பாட்டிலையும் தாத்தாவைப் போலவே எழுதிவிடக்கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் நோட்டில் இருக்கும் தேதிகளையும் அளவுகளையும் இங்கே அச்சுக்காக மாற்றியிருக்கிறேன். விண்ணப்பத்தில் உங்களுடைய எண்களே வர வேண்டும்.

முதலில் உங்கள் ஆங்கில டீச்சர் சொன்னதைப் பார்ப்போம். அவர் மிகைப்படுத்தவில்லை. 2007-ஆம் ஆண்டு, விண்ணப்பக் கட்டுரைகளில் நகலெடுப்பு எந்த அளவுக்கு நடக்கிறது என்று அறிய யூகாஸ் சுமார் 50,000 கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் ரசாயனப் பரிசோதனை செய்யப்போய்ப் பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதை 234 கட்டுரைகளில் இருந்தது. அத்தனை பைஜாமாக்களும் எரிந்திருக்க வாய்ப்பில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் நகலெடுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. ஒருவருடைய குழந்தைப் பருவக் கதையை இன்னும் 233 பேர் தங்கள் கட்டுரையில் எந்தச் சிரமமும் இல்லாமல் பொருத்திக்கொள்ள முடிந்திருக்கிறது என்றால், அந்தக் கதைக்கும் அதற்குப் பின்னால் வந்த கட்டுரைக்கும் தொடர்பே இல்லை என்றுதான் பொருள். கழற்றி மாட்டக்கூடிய முகப்பு அது.

உங்கள் தொடக்கம் நகல் அல்ல. தாத்தாவின் கை காப்பிக்கொட்டை வாசனை அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் மட்டுமே எழுதக்கூடிய வரி. சிக்கல் அந்த வரியில் இல்லை, அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது: “அன்றே இந்தப் பூமியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன், அன்று முதல் இயற்கையின் மீதான என் ஆர்வம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.” ஐந்து வயதுக் குழந்தை மேகத்தைப் பார்த்தால் மேகத்தைத்தான் பார்க்கும். முடிவு செய்தது பதினேழு வயதில், விண்ணப்பப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது. சேர்க்கைக்குப் பொறுப்பான பேராசிரியர் ஒரே அமர்வில் கட்டுக்கட்டாக இவற்றைப் படிப்பவர். இந்த வரியைப் பொய் என்று அவர் நினைக்க மாட்டார், ஆனால் இதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று கண்ணை அடுத்த பத்திக்கு நகர்த்திவிடுவார்.

ஆகவே ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு அழகானது, எவ்வளவு உருக்கமானது என்று பார்க்காதீர்கள். அதற்கு அடுத்த வாக்கியம் தானாக என்னவாக வரும் என்று பாருங்கள். சம்பவத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுங்கள். அடுத்து ‘அன்று முதல்’, ‘அதுவே என்னை’, ‘இதனால்தான் எனக்கு ஆர்வம்’ என்று மட்டும்தான் தொடர முடிகிறது என்றால், அந்தச் சம்பவத்தில் உங்கள் பாடம் இல்லை. ‘அது ஏன் அப்படி ஆனது?’ என்றோ ‘மறுநாள் நான் இதைச் செய்து பார்த்தேன்’ என்றோ தொடர முடிகிறது என்றால் இருக்கிறது. சிறுவயதுக் கனவு ஆகாது என்பதற்குக் காரணம் அது சிறுவயதில் நடந்தது என்பதல்ல. அதில் கேள்வி இல்லை, செயலும் இல்லை. ஒரு பார்வையும் ஒரு முடிவும் மட்டும் இருக்கின்றன, நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் காலியாகக் கிடக்கின்றன.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், மின்னணுப் பொறியியலுக்கு விண்ணப்பித்த ஒரு பையனின் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தேன். வீட்டில் பழைய ரேடியோ ஒன்றைத் திருகித் திறந்து பார்த்ததாக நடுவில் எங்கோ ஒரு வரி எழுதியிருந்தான். நான் அதைத் தூக்கி முதலில் வைத்து, ‘ஆறு வயதில்’ என்று சேர்த்து, ‘உள்ளே தெரிந்த உலகம் என்னை ஆட்கொண்டது’ என்று முடித்தும் கொடுத்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. நேர்காணலில் பேராசிரியர் மிகவும் அன்பாகக் கேட்டிருக்கிறார்: அந்த ரேடியோ ஏன் பாடவில்லை, நீ என்ன கண்டுபிடித்தாய்? பையனிடம் பதில் இல்லை. திறந்தான், பார்த்தான், மூடினான், அவ்வளவுதான் நடந்தது. அவன் உண்மையில் நன்றாகச் செய்திருந்த வேலை, வீட்டு இன்வெர்ட்டருக்கு அவனே அமைத்த ஒரு சிறிய எச்சரிக்கைச் சுற்று, கட்டுரையின் கடைசியில் ஒரு வரியாகக் கிடந்தது. அதைக் கேட்க நேரமில்லாமல் நேர்காணல் முடிந்துவிட்டது. அந்த முகப்பைக் கட்டியது நான்தான். அதன் பிறகு, அடுத்த கேள்விக்குப் பதில் இல்லாத சம்பவம் எதையும் முதல் பத்தியில் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி நீங்கள் சொன்ன மற்ற இரண்டு. பரிசை விட்டுவிடுங்கள், பரிசு சம்பவம் அல்ல, சம்பவத்தின் விளைவு. எமரால்டு ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது; நம் மாவட்டத்தில் அந்த வாரத்தை யாரும் மறக்கவில்லை. புவியியல் மாணவிக்கு அது பெரிய பொருள்தான். ஆனால் அன்று உங்களுக்குப் பதினொரு வயது இருந்திருக்கும், நீங்கள் கோத்தகிரியில் இருந்தீர்கள், சரிந்தது அத்தையின் ரோடு. உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி இருப்பதெல்லாம் தொலைபேசியில் கேட்ட செய்தி. பேரழிவில் தொடங்கும் கட்டுரையைப் படிப்பவர் முதலில் இரக்கப்படுவார், பிறகு ‘இந்த மாணவி அதில் என்ன பார்த்தாள்?’ என்று தேடுவார். கிடைக்காவிட்டால், பிறர் துயரத்தை எடுத்து வாசலில் வைத்திருக்கிறாள் என்ற எண்ணம், நியாயமோ இல்லையோ, வந்துவிடும். பின்னாளில் நீங்கள் அந்தச் சரிவுக்கு நேரில் போய், எந்த இடத்தில் மண் வெட்டப்பட்டிருந்தது, தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்று பார்த்து வரைந்திருந்தால் கதை வேறு. அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது நோட்டுக்கு வருவோம். நீங்கள் செய்தது இது: வாய் அகலம் 11 செ.மீ. உள்ள இரண்டு பிளாஸ்டிக் புனல்கள், இரண்டு பாட்டில்கள். ஒன்று வீட்டுக்குப் பின்னால் உள்ள சில்வர் ஓக் மரத்தடியில், இன்னொன்று முப்பதடி தள்ளித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே திறந்த வெளியில். தினமும் காலை 7 மணிக்கு அளவுக்குவளையில் ஊற்றி அளந்திருக்கிறீர்கள். நவம்பர் 18-ஆம் தேதிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “மரத்தடி 19 மி.லி. வெளி 0. ராத்திரி மழை இல்லை. தம்பி?” அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். தம்பி தண்ணீர் ஊற்றி விளையாடிவிட்டான் என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நவம்பர் 20-ஆம் தேதிப் பக்கம்: “மரத்தடி 12. வெளி 0. மழை இல்லை. தம்பி காரமடையில்.” அங்கே கேள்விக்குறி இல்லை. 23-ஆம் தேதி மழை பெய்திருக்கிறது: “வெளி 114. மரத்தடி 86.” அதன் கீழே இரண்டு கோடு அடித்து, “இப்போ தலைகீழ்!” என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பக்கங்களை நீங்கள் ‘சின்ன விஷயம்’ என்று ஒதுக்கியதுதான் எனக்கு வியப்பு. புனலின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 95 சதுர செ.மீ.; அதனால் 19 மி.லி. என்பது 2 மி.மீ. மழைக்குச் சமம். மழையே பெய்யாத இரவில் ஒரு மரத்தின் கீழ் மட்டும் 2 மி.மீ. தண்ணீர் விழுந்திருக்கிறது. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும், நோட்டின் பின்பக்கத்தில் எழுதியும் இருக்கிறீர்கள். மூடுபனியின் துளிகள் மிக மிக மெதுவாகவே கீழே இறங்கும் அளவுக்கு நுண்ணியவை. காற்றோடு மிதந்து போகின்றன. திறந்த வெளியில் மேல்நோக்கி நிற்கும் புனலுக்குள் அவை அநேகமாக இறங்குவதில்லை. சில்வர் ஓக்கின் இலையோ பெரணி இலையைப் போலக் கீறிக்கீறி இருப்பது. காற்று அதன் ஊடே போகும்போது துளிகள் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கனம் தாங்காமல் சொட்டுகின்றன. மழை பெய்யும்போது அதே இலைகள் நீரில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன, அது கீழே வராமலேயே ஆவியாகிவிடுகிறது. 23-ஆம் தேதி வெளியில் 12 மி.மீ., மரத்தடியில் 9 மி.மீ. என்று வந்தது அதனால்தான். ஒரே மரம் ஒருநாள் நீரைத் தருகிறது, இன்னொரு நாள் நீரை மறிக்கிறது. மலையில் பெய்யும் நீரின் கணக்கை எப்படி எழுதுவது என்ற, புவியியலில் இன்றும் அளந்துகொண்டே இருக்கிற ஒரு கேள்வியின் வாசலில் நீங்கள் ஒரு பாட்டிலோடு நிற்கிறீர்கள்.

தேர்வுக்கான காரணமும் இதுதான். இந்தச் சம்பவத்தில் நீங்கள் ஒன்றைச் செய்தீர்கள், எதிர்பார்த்தது நடக்கவில்லை, மிக எளிய காரணத்தை முதலில் சந்தேகப்பட்டீர்கள், அது தற்செயலாக விலகியது, பிறகு இன்னொரு நாள் எல்லாமே மாறி வந்தது. நான்கு வரிகளுக்குள், ‘நான் ஆர்வமுள்ளவள், பொறுமையுள்ளவள், பகுப்பாய்வுத் திறன் உள்ளவள்’ என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், அவற்றை நீங்கள் காட்டிவிடலாம். மேகம் இறங்கியதை ஐந்து வயதில் பார்த்ததற்கும், அதே மேகத்தைப் பதினேழு வயதில் மில்லி லிட்டரில் அளந்ததற்கும் உள்ள தூரத்தைப் படிப்பவரே உணர்ந்துகொள்வார்.

எவ்வளவு நீளம் என்பதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் கட்டுரை ஒரே நீண்ட கட்டுரையாக இல்லாமல் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு அதற்கு உங்களை எப்படித் தயார்செய்திருக்கிறது, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்து தயாராகியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஆங்கிலத்தில் இது மொத்தமாகவே அறுநூற்றைம்பது சொற்களை ஒட்டித்தான் வரும். உங்கள் வரைவில் தாத்தாவும் மேகமும் மட்டும் 900 எழுத்துகளைத் தாண்டுகின்றன. மொத்த இடத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. தொடக்கச் சம்பவத்துக்கு 350 எழுத்துகள் போதும், 400-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் முதல் கேள்வியின் பதிலில் வரட்டும். எப்படி அளந்தீர்கள், புனலின் பரப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதெல்லாம் பள்ளி பிராஜெக்டின் பகுதி என்பதால் இரண்டாம் கேள்வியில் வரட்டும். மூன்று பதில்களையும் ஒன்றாகவே படிப்பார்கள், ஆகவே பாட்டிலை இரண்டு இடத்தில் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது இடத்தில் ‘மேலே சொன்ன அளவீட்டில்’ என்ற அளவில் தொட்டுவிட்டு மேலே போங்கள்.

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படித் தொடங்குவேன்: “நவம்பர் 18 அன்று எங்கள் சரிவில் மழை பெய்யவில்லை, ஆனாலும் சில்வர் ஓக் மரத்தடியில் நான் வைத்த பாட்டிலில் 19 மி.லி. தண்ணீர் இருந்தது, திறந்த வெளியில் வைத்தது காய்ந்திருந்தது. நோட்டில் ‘தம்பி?’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, அவன் ஊரில் இல்லாதபோது, மீண்டும் 12 மி.லி. அடுத்து மழை பெய்த நாளில் மரத்தடிப் பாட்டிலில்தான் குறைவாக இருந்தது.” இதை ஆங்கிலத்தில் எழுதினால் அறுபது சொற்களை ஒட்டி வரும். அடுத்த வாக்கியம் தானாக வருகிறது பாருங்கள்: மழையில்லாதபோது நீர் தந்த மரம், மழை பெய்தபோது ஏன் தடுத்தது? அதற்கு அடுத்தது, நீங்கள் கண்டறிந்த விளக்கம்; அதற்கும் அடுத்தது, ஒரு மரத்தில் பார்த்ததை ஒரு சரிவு முழுவதற்கும் எப்படிக் கணக்கிடுவது என்று உங்களுக்குத் தெரியவில்லை, அதைப் படிக்கவே இந்தப் பாடம் என்பது. முதல் கேள்விக்கான பதில் அங்கே முடிந்துவிடுகிறது. ‘ஆர்வம்’ என்ற சொல்லுக்கு வேலையே வரவில்லை.

மேலே உள்ள வரிகளை அப்படியே மொழிபெயர்த்துப் போட வேண்டாம். யூகாஸுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையும் ஏற்கெனவே இருக்கும் கட்டுரைகளோடும் வெளியில் கிடைப்பவற்றோடும் ஒப்பிடப்படுகிறது. ஒற்றுமை தென்பட்டால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும். அச்சாகிவிட்ட என் வாக்கியங்கள் இனி உங்களுக்கு உதவாது. நோட்டை மூடி வைத்துவிட்டு, நடந்ததை உங்கள் தோழியிடம் தமிழில் வாயால் சொல்லுங்கள். அவள் எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறாளோ அங்கே அடுத்த வாக்கியம் தொடங்க வேண்டும். அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். நம் மலைப்பிள்ளைகள் வாயால் சொல்லும்போது துல்லியமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் உரிச்சொற்களை அள்ளிப் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தத் தொடக்கம் கெட்டுப்போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அலங்காரம். ‘நீலமலையைப் போர்த்திய வெண்பனிப் போர்வை விலகாத ஒரு விடியலில்’ என்று ஆரம்பித்தால் பாட்டில் வருவதற்குள் இருநூறு எழுத்துகள் போய்விடும். பனிமூட்டத்தின் அழகை லண்டனில் இருப்பவருக்குப் புரியவைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அவருக்குத் தேவை 19 என்ற எண்ணும் 0 என்ற எண்ணும். மரத்துக்கு ‘சில்வர் ஓக்’ என்ற பெயரே போதும். எந்த ஊர், எந்த மாவட்டம் என்பதை ஒரு சொல்லில் சேர்த்தால் போதும்.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது: மிகையான முடிவு. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், “ஆகவே சில்வர் ஓக் மரங்களை அதிகம் நட்டால் நீலகிரியின் தண்ணீர்ப் பஞ்சம் தீரும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக் கண்காட்சியில் இதற்குக் கைதட்டுவார்கள். புவியியல் பேராசிரியர் இந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுவார். சொட்டுநீர் மரத்தடி முழுவதும் சீராக விழுவதில்லை. சில கிளைநுனிகளின் கீழே நிறைய, ஓரடி தள்ளி ஒன்றுமே இல்லை. உங்கள் புனல் ஒரு நல்ல நுனிக்குக் கீழே இருந்திருக்கலாம். போதாக்குறைக்கு, அந்த மரம் வேரால் உறிஞ்சும் நீரைப் பற்றி உங்கள் பாட்டில் எதுவும் சொல்லாது. ஒரு மரம், ஒரு பாட்டில், ஒரு மாதம். அந்த எல்லையை நீங்களே ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டால், அவர் போடவிருந்த கோட்டை நீங்களே போட்டதாகிவிடும். உங்களைச் சேர்க்கலாம் என்று நினைக்க வைக்கும் வாக்கியங்களில் அது முதன்மையானதாக இருக்கும். முதல் பத்தியில் சிறிய சம்பவத்தை வைப்பதன் வசதியே இதுதான். அதன் எல்லையைச் சொல்வது எளிது. ஐந்து வயதுக் கனவுக்கு எல்லை சொல்ல முடியாது.

தாத்தாவை முற்றிலும் வெளியே தள்ள வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். அவர் எஸ்டேட்டில் கண்டக்டராக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்வை பார்ப்பவராக, இருந்தார் என்று கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் தினசரி மழையளவைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தாத்தா அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறாரா, மழைமானி எங்கே நின்றது, அதற்கு அருகில் மரம் இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். அவருக்கு நினைவிருந்தால், ‘தோட்டத்து மழைமானியை ஏன் மரங்களிலிருந்து தள்ளி வைப்பார்கள் என்று தாத்தாவிடம் கேட்டேன்’ என்று அரைவரி, சம்பவத்துக்குப் பின்னால் வரலாம். அங்கே அவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்பவராக வருகிறார், அதற்குத் தகுதியும் உடையவர். நினைவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இல்லாததை அவர் வாயில் வைக்க வேண்டாம்.

நீங்கள் இணைத்த தாளின் ஓரத்தில், அமெரிக்காவுக்கும் விண்ணப்பிக்க எண்ணம் இருப்பதாகப் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள், அது முழுவதும் ஒரே கட்டுரைக்கு. அங்கே அவர்கள் பாடத்தைவிட ஆளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். அதே பாட்டில் அங்கும் பயன்படும், ஆனால் நீளமும் சாய்வும் வேறு: தம்பியைச் சந்தேகப்பட்டது, அவனிடம் சண்டை போட்டது, பிறகு என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் அங்கே இடம் பெறலாம். யூகாஸ் கட்டுரையை நீட்டி அதைச் செய்யாதீர்கள், தனியாக எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் நோட்டில் நான் தேடிக் கிடைக்காத ஒரு பதிவு. நவம்பர் முழுவதும் ஒரே பாட்டில்தான் மரத்தடியில் இருந்திருக்கிறது, இன்னொன்றுதான் வெளியில். இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா? நேர்காணல் என்று ஒன்று இருந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: வித்தியாசம் மரத்தாலா, பாட்டிலாலா? வெளியில் இருந்த பாட்டிலின் அடியில் நுண்ணிய விரிசல் இருந்து, விழுந்த கொஞ்ச நீரும் மெல்ல ஒழுகியிருந்தாலும் ‘வெளி 0’ என்றுதான் வந்திருக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி நடுவில்தான். இன்னும் நாள் இருக்கிறது. இன்று மாலையே பாட்டில்களை வீட்டுக்குள் வைத்து, இரண்டு புனல்களிலும் ஒரே அளவு, 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, காலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்துவிடுங்கள். பிறகு இடம் மாற்றி வையுங்கள். எது எது என்று குழம்பாமல் இருக்க, பழைய மரத்தடிப் பாட்டிலின் கழுத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் டிசம்பரில் மேகம் இறங்காத வாரம் அரிது. இரண்டு, மூன்று காலைகள் கிடைத்தாலே போதும். முடிவு எப்படி வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். புள்ளி வைத்த பாட்டில் வெளியில் காய்ந்தும், மற்றது மரத்தடியில் நனைந்தும் இருந்தால், தொடக்கப் பத்தியில் ‘இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன்; தண்ணீர் மரத்தடியிலேயே இருந்தது’ என்று ஒரு வாக்கியம் சேரும். அதற்கு இடம் வேண்டும் என்றால் தம்பி ஊரில் இல்லாததை எடுத்துவிடலாம், ‘தம்பி?’ மட்டும் இருக்கட்டும்.